நான்கு கம்ப்ரஸர் விலைப்புள்ளிகள், ஒரே அட்டவணை: சரி பார்த்துச் சொல்லுங்கள்

கதிர்_திருவொற்றியூர் · திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் ஒரு தகட்டு வேலைப் பட்டறையில் கொள்முதல் கணக்கு பார்க்கிறேன். பழைய கம்ப்ரஸர் இனித் தாங்காது என்று முதலாளி முடிவெடுத்துவிட்டார். நான்கு பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, அவர்கள் அனுப்பிய டேட்டா ஷீட்டுகளில் உள்ளதை ஓர் எக்செல் தாளில் ஏற்றியிருக்கிறேன். எங்கள் தேவை இடப்பக்கம், வந்தவை அ, ஆ, இ, ஈ.

| தேவை | அ | ஆ | இ | ஈ |
|---|---|---|---|---|
| காற்று, குறைந்தது 60 சி.எஃப்.எம். | 62.9 | 71 | 65.3 | 64.3 |
| அழுத்தம், குறைந்தது 7 பார் | 7.5 | 12 கிலோ | 10 | 7 |
| சுற்றுப்புற வெப்பம், 45 டிகிரி வரை | 46 | | 45 | 40 |
| ஒலி, 72 டெசிபலுக்குள் | 68 | | 70 | 67 |

அ, இ, ஈ மூன்றும் ஸ்குரூ வகை, ஆ மட்டும் பிஸ்டன். நான்குக்கும் மோட்டார் 11 கிலோவாட், அதில் வித்தியாசம் இல்லை. சூத்திரம் போட்டுப் பார்த்ததில் அ-வும் இ-யும் எல்லா வரிசையிலும் தேறிவிட்டன. ஆ-வும் ஈ-யும் வெப்பத்தில் தோற்றுவிட்டன. இ விலை குறைவு. புதன்கிழமை ஆர்டர் போடச் சொல்லியிருக்கிறார். ஏதாவது விட்டிருக்கிறேனா?

---

வண்ணை_சேகர் · திங்கள், இரவு 10.05

தம்பி, அலகு மாற்றினாயா? இந்த வேலையில் எல்லாத் தப்பும் அலகில்தான் நடக்கும். ஒருவன் கன மீட்டரில் எழுதுவான், ஒருவன் கன அடியில் எழுதுவான், ஒருவன் லிட்டரில் எழுதுவான். எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டால் பெரிய எண் எதுவோ அதை எடுத்துக்கொள்ளலாம். 71 உள்ளதை ஏன் ஒதுக்குகிறாய்? பிஸ்டன் கம்ப்ரஸர் உழைக்கும். ரிப்பேர் பார்க்க எல்லாத் தெருவிலும் ஆள் இருக்கிறார்கள்.

---

கதிர்_திருவொற்றியூர் · திங்கள், இரவு 10.11

மாற்றிவிட்டேன் அண்ணா. அ 1.78, இ 1.85, ஈ 1.82 என்று நிமிடத்துக்குக் கன மீட்டரில் கொடுத்திருந்தார்கள். 35.31-ஆல் பெருக்கினேன். ஆ நேரடியாகவே 71 சி.எஃப்.எம். என்று போட்டிருந்தது.

---

காசிமேடு_ஐஸ் · திங்கள், இரவு 10.30

கம்ப்ரஸர் என்றதும் வந்தேன். எங்களுடையது பார் ஐஸ் போடும் இடம். போன தடவை வாங்கியபோது தாளில் இத்தனை டன் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினோம். மாட்டிப் பார்த்தால் ஐஸ் உறைய விடிந்துவிடுகிறது. பிறகுதான் தெரிந்தது, அந்த டன் கணக்கு ஏ.சி. ஓடும் வெப்பநிலைக்குச் சொன்னது. உப்புநீர்த் தொட்டியை உறைநிலைக்குக் கீழே இறக்கினால் அதே இயந்திரம் அதில் பாதி கூடக் கொடுக்கவில்லை. உங்களுக்கு எத்தனை டன் தேவை?

---

கதிர்_திருவொற்றியூர் · திங்கள், இரவு 10.34

ஐயா, இது காற்றுக் கம்ப்ரஸர். கிரைண்டருக்கும் பெயின்ட் துப்பாக்கிக்கும்.

---

காசிமேடு_ஐஸ் · திங்கள், இரவு 10.36

அப்படியா. சரி, இருந்து படிக்கிறேன்.

---

மணலி_பழையவர் · செவ்வாய், காலை 6.15

கதிர், நான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 26 வருடம் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அட்டவணையில் நான்கு எண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன, ஆனால் அவை ஒரே பொருளின் எண்கள் அல்ல. மூன்று விஷயம் கேட்கிறேன், டேட்டா ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

இ-யின் 1.85 எந்த அழுத்தத்தில்? விலைப்புள்ளிக் கடிதத்தில் இ எழுதியிருக்கும் மாடல் எண் என்ன, அதன் கடைசி எழுத்துகள் உட்பட? ஆ-வின் 71-க்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது?

---

கதிர்_திருவொற்றியூர் · செவ்வாய், காலை 8.50

ஐயா, இப்போதுதான் பட்டறைக்கு வந்து பார்த்தேன்.

ஆ-வில் 71-க்கு முன்னால் ‘பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட்’ என்று இருக்கிறது.

இ-யின் மாடல் எண் 10 என்று முடிகிறது. டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 1.85 என்று போட்டிருக்கிறார்கள், அதைத்தான் எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் சின்ன அட்டவணை ஒன்று இருக்கிறது. 7 பார் என்றால் 1.85, 8 பார் என்றால் 1.70, 10 பார் என்றால் 1.40.

---

மணலி_பழையவர் · செவ்வாய், காலை 9.20

அதுதான். உங்களுக்கு விலை சொல்லியிருப்பது 10 பார் மாடலுக்கு. 1.40-ஐ 35.31-ஆல் பெருக்கினால் 49.4. உங்கள் 60-க்குப் பக்கத்தில் கூட வரவில்லை. முதல் வரிசையில் 7 பாருக்கான காற்றையும் இரண்டாம் வரிசையில் 10 பார் அழுத்தத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டும் சேர்ந்து வரும் இயந்திரத்தை அவர்கள் செய்யவே இல்லை.

காற்றின் அளவும் அழுத்தமும் தனித்தனி வரிசை ஆகக் கூடாது. ‘7 பாரில் 60’ என்பது ஒரே தேவை. ஒரு கட்டத்தில் எண், அதன் அருகில் அது எந்த அழுத்தத்தில், எந்தச் சோதனை முறையில், டேட்டா ஷீட்டில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பக்க எண் எழுதும் பழக்கம் இருந்திருந்தால், நீங்கள் முதல் பக்கத்துக்கும் கடிதத்துக்கும் இடையே உள்ள முரணைத் தட்டச்சு செய்யும்போதே கண்டிருப்பீர்கள்.

---

வண்ணை_சேகர் · செவ்வாய், காலை 9.41

10 பார் இயந்திரத்தை 7 பாரில் ஓட்டினால் காற்று கூடும் அல்லவா? அழுத்தம் குறைந்தால் அளவு ஏறத்தானே வேண்டும்?

---

மணலி_பழையவர் · செவ்வாய், காலை 10.02

பலரும் இப்படி நினைக்கிறார்கள், சேகர். நிலையான வேகத்தில் ஓடும் ஸ்குரூவில் காற்றின் அளவைத் தீர்மானிப்பது திருகு சுற்றும் வேகம். அதே 11 கிலோவாட் மோட்டாரை வைத்துக்கொண்டு 10 பார் வேண்டுமென்றால், கம்பெனிக்காரர் கப்பியையோ கியரையோ மாற்றித் திருகை மெதுவாகச் சுற்ற விடுகிறார். நீங்கள் ஸ்விட்சில் அழுத்தத்தை 7-க்கு இறக்கினால் மின்சாரம் கொஞ்சம் மிச்சமாகும். திருகு வேகமாகச் சுற்றிவிடாது. உள்கசிவு குறைவதால் சிறிதளவு காற்று கூடலாம், 49 போய் 60 ஆகாது.

ஆ-வின் 71 பற்றி. அது பிஸ்டன் ஒரு நிமிடத்தில் துடைக்கும் இடத்தின் அளவு. வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு, ஏனென்றால் சிலிண்டர் தலையில் மிஞ்சும் காற்று திரும்ப விரிந்து கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வால்விலும் இழப்பு உண்டு. இந்த அளவு இயந்திரங்களில் நான் பார்த்தவரை 65-லிருந்து 75 சதவீதம் வெளியே வரும். ஆனால் அந்தச் சதவீதத்தைப் போட்டு நீங்களே 51 என்று அட்டவணையில் எழுதிவிடாதீர்கள். அது என் அனுமானம், அவர் கொடுத்த எண் அல்ல. கட்டத்தில் ‘சொல்லவில்லை’ என்று எழுதிவிட்டு, வெளிவரும் காற்று 7 பாரில் எவ்வளவு என்று கடிதம் போட்டுக் கேளுங்கள்.

---

எண்ணூர்_ராணி · செவ்வாய், மதியம் 1.15

கதிர் தம்பி, ஒரு சின்ன சந்தேகம். ஆ-வின் ஒலிக் கட்டம் காலியாக இருக்கிறதே, உன் சூத்திரம் அதற்கு என்ன சொன்னது? நான் வேலை செய்யும் இடத்திலும் இப்படித்தான் அட்டவணை போடுகிறோம், அதனால் கேட்கிறேன்.

---

கதிர்_திருவொற்றியூர் · செவ்வாய், மதியம் 1.22

பார்த்தேன் அக்கா. ஒலியில் ஆ-வுக்கு ‘சரி’ என்று வந்திருக்கிறது. வெப்பத்தில் ‘இல்லை’ என்று வந்திருக்கிறது. இரண்டு கட்டமும் காலிதான்! எனக்குப் புரியவில்லை.

---

எண்ணூர்_ராணி · செவ்வாய், மதியம் 1.48

நினைத்தேன். ஒப்பிடும்போது எக்செல் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் 72-க்குள் இருக்கிறது, எனவே சரி. பூஜ்யம் 45-ஐ எட்டவில்லை, எனவே இல்லை. உன் அட்டவணைப்படி அந்தப் பிஸ்டன் கம்ப்ரஸர் சத்தமே போடாமல் ஓடும். மூடி இல்லாத பிஸ்டன் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும் அது எப்படி என்று.

இன்னொன்று இதைவிட மோசம். ‘12 கிலோ’ என்று எழுதியிருக்கிறாய் பார், அது எக்செலுக்கு எண் அல்ல, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் பெரிது என்று அது எப்போதும் சொல்லும். அங்கே ‘2 கிலோ’ என்று எழுதியிருந்தாலும் 7-ஐத் தாண்டியதாகத்தான் காட்டும். பழையவர் ஐயா சொன்னபடி ‘சொல்லவில்லை’ என்று எழுதினால், குறைந்தபட்ச வரிசையில் அதுவும் தேறிவிடும்.

நான் இப்படிப் போடுவேன். `B` நிரலில் தேவை, `D` நிரலில் மாற்றிய எண்.

```
=IF(ISNUMBER(D4),IF(D4>=$B4,"சரி","இல்லை"),"கேட்க")
```

ஒலி மாதிரி மேல்வரம்பு உள்ள வரிசைக்கு `>=` இருக்கும் இடத்தில் `<=`. டேட்டா ஷீட்டில் இருந்தபடியே எழுதுவதற்குப் பக்கத்தில் தனி நிரல் வைத்துக்கொள், அதைச் சூத்திரம் தொடக் கூடாது. ‘7-10’ என்று தட்டினால் அதை அக்டோபர் 7 ஆக்கிவிடும். அந்த நிரலை முன்கூட்டியே எழுத்து வகைக்கு மாற்றிவிடு.

---

கதிர்_திருவொற்றியூர் · செவ்வாய், மதியம் 2.30

அக்கா, நீங்கள் 7-10 என்றதும் வேறொன்று நினைவுக்கு வந்து எங்கள் விசாரணைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் நானே ‘அழுத்தம்: 7-10 பார்’ என்று எழுதியிருக்கிறேன். பழைய கம்ப்ரஸரின் தகட்டில் அப்படி இருந்தது என்று போட்டேன். அதனால்தான் இ 10 பார் மாடலைக் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. தப்பு அவருடையது இல்லை.

---

மணலி_பழையவர் · செவ்வாய், மாலை 5.10

ஒப்புக்கொண்டது நல்லது. இப்போது இ-யிடம் மட்டும் தொலைபேசியில் பேசி மாற்றிக்கொள்ளாதீர்கள். தேவையைத் திருத்தினால் நான்கு பேருக்கும் ஒரே வாசகத்தில், ஒரே கெடு நாளோடு எழுத வேண்டும். ‘7 பார் கேஜ் அழுத்தத்தில், ஐ.எஸ்.ஓ. 1217 முறைப்படி அளந்த வெளிவரும் காற்று, குறைந்தது 60 சி.எஃப்.எம்.’ என்று எழுதுங்கள். ஆர்டர் ஒரு வாரம் தள்ளிப்போகும், போகட்டும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு கேள்வி. 45 என்று யார் எழுதியது?

---

கதிர்_திருவொற்றியூர் · செவ்வாய், மாலை 6.40

முதலாளி. எங்கள் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. போன மே மாதம் கம்ப்ரஸர் மூலையில் வெப்பமானியை மாட்டி வைத்தார், மதியம் 43 காட்டியது. கடல் காற்று மூன்று மணிக்கு மேல்தான் உள்ளே வரும்.

---

வண்ணை_சேகர் · செவ்வாய், மாலை 7.00

ஈ 40 என்று போட்டிருப்பதெல்லாம் சும்மா. எல்லா இயந்திரமும் ஓடத்தான் செய்கிறது. என் மச்சான் வண்ணாரப்பேட்டையில் 40 போட்டதைத்தான் வைத்திருக்கிறான்.

---

மணலி_பழையவர் · செவ்வாய், மாலை 7.35

ஓடும், மே மாதம் வரை. ஸ்குரூவில் எண்ணெய் கலந்த காற்று வெளிவரும் இடத்தில் ஓர் உணரி இருக்கும். பெரும்பாலானவற்றில் 105-லிருந்து 110 டிகிரிக்குள் இயந்திரத்தை நிறுத்திவிடும். சுற்றுப்புறம் ஏறினால் அந்த வெப்பமும் கூடவே ஏறும். குளிர்விப்பான் புதிதாக இருக்கும்போது சமாளிக்கும், எங்கள் பக்கத்துத் தூசியும் எண்ணெயும் படிந்த பிறகு மதியம் மதியமாக நிற்கும். மச்சான் கொட்டகையில் சூடான காற்றை வெளியே தள்ளக் குழாய் போட்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கதிர், அட்டவணையில் ஈ-க்கு ‘இல்லை’ என்பதுதான். விற்பவர் வாய்வார்த்தையாக 45-க்குத் தாங்கும் என்று சொன்னால் கட்டத்தை மாற்ற வேண்டாம்.

---

கதிர்_திருவொற்றியூர் · அடுத்த திங்கள், இரவு 8.20

எல்லோரும் பதில் அனுப்பிவிட்டார்கள். புதிய அட்டவணை:

| தேவை | அ | ஆ | இ (7 பார் மாடல்) | ஈ |
|---|---|---|---|---|
| 7 பாரில் குறைந்தது 60 சி.எஃப்.எம். | 62.9, 7.5 பாரில் (ப. 2): சரி | 52 (கடிதம்): இல்லை | 65.3 (ப. 2): சரி | 64.3, உச்ச வேகத்தில் (ப. 3): சரி |
| சுற்றுப்புறம் 45 டிகிரி வரை | 46 (ப. 4): சரி | சொல்லவில்லை: கேட்க | 45 (ப. 3): சரி | 40 (ப. 3): இல்லை |
| ஒலி 72 டெசிபலுக்குள் | 68 (ப. 4): சரி | சொல்லவில்லை: கேட்க | 70 (ப. 3): சரி | 67 (ப. 3): சரி |

இ இப்போது 7 பார் மாடலுக்கு விலை கொடுத்திருக்கிறார். கையிருப்பில் இல்லை, ஐந்து வாரம் ஆகும் என்கிறார். ஆ காற்றில் தோற்றுவிட்டதால் மற்ற இரண்டையும் மறுபடி கேட்கவில்லை. ஈ 45-க்குத் தாங்கும் என்று மின்னஞ்சல் அனுப்பினார். டேட்டா ஷீட்டைத் திருத்தி முத்திரையோடு தரச் சொன்னேன், அதற்குப் பதில் இல்லை. மின்னஞ்சலை அட்டவணைக்குக் கீழே குறிப்பாக எழுதிவிட்டு, கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

---

எண்ணூர்_ராணி · அடுத்த திங்கள், இரவு 8.45

நன்றாக வந்திருக்கிறது தம்பி. அ-வைப் பற்றி ஒரு நெருடல். அதன் டேட்டா ஷீட்டில் ஐ.எஸ்.ஓ. 1217 என்று போட்டிருக்கிறதா? அந்த முறையில் இந்த அளவு இயந்திரத்துக்கு 5 சதவீதம் கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு. 62.9-ல் 5 சதவீதம் போனால் 59.8-க்குக் கீழே வருகிறது. அப்போது 60 தேறியதாகச் சொல்ல முடியுமா?

---

மணலி_பழையவர் · அடுத்த திங்கள், இரவு 9.10

ராணி சொல்லும் அனுமதி உண்மை. ஆனால் விசாரணைக் கடிதத்தில் நாமே 1217 என்று எழுதினோம், அதோடு அந்த அனுமதியும் வந்துவிடுகிறது. ‘குறைச்சல் ஏற்கப்படாது’ என்று நாம் எழுதவில்லை. எழுதாத நிபந்தனையை வைத்து ஒருவரை இப்போது விலக்குவது முறையல்ல. தவிர அ சொன்னது 7.5 பாரில். 7-ல் அதைவிடக் குறையாது. நான் ‘சரி’ என்றே வைப்பேன்.

---

எண்ணூர்_ராணி · அடுத்த திங்கள், இரவு 9.22

விலக்கச் சொல்லவில்லை ஐயா. 59.8 வரும் இயந்திரம் வந்து இறங்கினால் நாம் திருப்பி அனுப்ப முடியாது என்பதை முதலாளி தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்கிறேன். வெறும் ‘சரி’ அதைச் சொல்லவில்லை. இ-க்கு அந்தக் கஷ்டம் இல்லை, 5 சதவீதம் போனாலும் 62 நிற்கிறது.

---

மணலி_பழையவர் · அடுத்த திங்கள், இரவு 9.30

அடிக்குறிப்பு போடலாம். கட்டத்தை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

---

காசிமேடு_ஐஸ் · அடுத்த திங்கள், இரவு 9.50

கதிர் தம்பி, கூடவே டிரையர் வாங்குகிறீர்களா? அது குளிர்சாதன வகை என்றால் அதன் தாளையும் பாருங்கள். என் டன் கதைதான் அங்கேயும் நடக்கும். எங்கள் இடத்தில் ஒன்று இருக்கிறது, அது சொல்லும் கொள்ளளவு, உள்ளே வரும் காற்று 35 டிகிரி, வெளியே 25 டிகிரி என்ற கணக்கில். காசிமேட்டில் 25 டிகிரி என்றைக்கு இருந்தது?

---

கதிர்_திருவொற்றியூர் · அடுத்த திங்கள், இரவு 10.15

டிரையரை இயந்திரத்தோடு சேர்த்துத்தான் அ-வும் இ-யும் கொடுத்திருக்கிறார்கள் ஐயா. அட்டவணையில் அதற்கு வரிசையே போடவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். இ-யின் டிரையர் 75 சி.எஃப்.எம்., கீழே பொடி எழுத்தில் நீங்கள் சொன்ன அதே 35, 25. கடைசிப் பக்கத்தில் பெருக்க வேண்டிய எண்கள் இருக்கின்றன. உள்வரும் காற்று 45 என்றால் 0.68, சுற்றுப்புறம் 40 என்றால் 0.85. இரண்டையும் பெருக்கினால் 75 வெறும் 43 ஆகிறது.

அ-வின் டிரையருக்குத் தாளே வரவில்லை. அந்தக் கட்டத்தில் ‘கேட்க’ என்று போட்டுவிட்டு இருவருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலாளியிடம் இன்னொரு வாரம் கேட்க வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.